மகாபலிபுரம் சுற்றுலா மெயில் குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்புச் சுற்றுலா பற்றிச் சென்ற வாரம் வந்த மெயிலின் தலைப்பு "Fwd: Re: Re: Fwd: சீருடை அளவு" என்று இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். சீருடைக்கும் மகாபலிபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு அப்பா போன் செய்து கேட்டார். நியாயமான கேள்விதான். பாதிப் பேர் அதைத் திறக்கவே இல்லை, சம்மதக் கடிதமும் வந்து சேரவில்லை.

தலைப்பு மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஜூன் மாதம் சீருடைக்காகத் தொடங்கிய மெயிலிலேயே ஒரு அம்மா தன் பிள்ளையின் வீசிங் மருந்து பற்றி வகுப்பாசிரியருக்கு எழுதி, டாக்டர் சான்றிதழையும் இணைத்திருந்தார். வகுப்பாசிரியர் அதை அலுவலகத்துக்கு ஃபார்வர்டு செய்தார். அலுவலகம் அதன் மேலேயே சுற்றுலா விவரத்தைத் தட்டி வகுப்பு முழுவதற்கும் அனுப்பிவிட்டது. தவறு எங்கள் பக்கம். அந்த அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், பெயர் சொல்லாமல் இதை எழுதவும் அவர் சம்மதித்தார்.

அனுப்பியவர் கண்ணில் அது ஏன் படவில்லை என்றால், ஜிமெயில் பழைய பேச்சையெல்லாம் மூன்று புள்ளிக்குள் சுருட்டி வைத்துவிடுகிறது. நமக்குத் தெரியவில்லை என்பதால் போகவில்லை என்று நினைத்துவிடுகிறோம், பெறுபவர் அந்தப் புள்ளியைத் தொட்டால் ஜூன் மாதம் வரை எல்லாம் விரியும். அதனால் அனுப்பும் முன் அந்த மூன்று புள்ளியைத் தொட்டு விரித்து, தேவையில்லாததைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுங்கள். ஆனால் எழுத்தை அழித்தால் இணைப்பு போகாது! ஃபார்வர்டு செய்யும்போது கோப்பும் சேர்ந்தே வரும், கீழே அதன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் X-ஐத் தனியாக அழுத்த வேண்டும். ரிப்ளை செய்தால் இந்தத் தொல்லை இல்லை, அதில் பழைய இணைப்பு கூட வராது.

எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிடவும் கூடாது. ஒரு பெற்றோர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு "சரி, சம்மதம்" என்று மட்டும் அனுப்பியிருக்கிறார். பஸ்ஸுக்கா, கட்டணத்துக்கா, எந்தப் பிள்ளைக்கு என்று அலுவலகத்தில் தெரியாமல் விழித்தார்கள். நீங்கள் பதில் சொல்லும் கேள்வி மட்டும் கீழே இருக்கட்டும்.

அப்புறம் பெறுநர் பட்டியல். போன வருடம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன இரண்டு குடும்பங்களுக்கும், இப்போது நம்மிடம் ஓட்டாத வேன் ஓட்டுநருக்கும் இந்த மெயில் போயிருக்கிறது. இத்தனைக்கும் அலுவலகம் அவர்களை ஜூலையிலேயே எடுத்துவிட்டது. Reply all அழுத்தினால், நீங்கள் எந்த மெயிலுக்குப் பதில் எழுதுகிறீர்களோ அதில் இருந்த முகவரிகள்தான் வரும். யாரோ ஜூன் மெயிலைத் தேடித் திறந்து பதில் போட்டிருக்கிறார், ஜூனில் இருந்தவர்கள் அப்படியே திரும்ப வந்துவிட்டார்கள், அதற்குப் பிறகு பதில் போட்டவர்கள் எல்லாரும் அவர்களையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே கடைசியாக வந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள். போனில் பெறுநர் பெயர்கள் ஒரே வரியில் சுருங்கிக் கிடக்கும், அதைத் தொட்டு விரித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் உடம்பு பற்றியதென்றால் Reply all வேண்டவே வேண்டாம், வகுப்பாசிரியருக்குத் தனியாகப் புது மெயில் எழுதுங்கள்.

தலைப்பை மாற்றுவது எளிது. போனில் தலைப்பு வரியைத் தொட்டு நேராகத் திருத்தலாம். கணினியில் பெறுநர் பெயருக்கு முன்னால் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தினால் Edit subject என்று வரும். தலைப்பை மாற்றியதும் ஜிமெயில் அதைத் தனிச் சங்கிலியாக வைக்கும், நமக்கும் அதுதானே வேண்டும். வெறும் Re, Fwd-களை மட்டும் அழித்தால் அப்படிப் பிரியாது.

ஒன்று மட்டும் நம் கையில் இல்லை. ஏற்கெனவே போய்விட்ட மெயிலில் இருந்து எதையும் நாம் இங்கிருந்து அழிக்க முடியாது. அதனால் அந்தப் பழைய மெயில் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து நீக்கிவிடுங்கள், யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம். சான்றிதழைப் போனில் இறக்கியிருந்தால் அதையும்.

வியாழக்கிழமை "ஏழாம் வகுப்பு மகாபலிபுரம் சுற்றுலா: சம்மதக் கடிதம்" என்ற தலைப்பில் புது மெயில் வரும். உங்கள் முகவரிகள் Bcc-யில் இருக்கும், மற்றவர் முகவரி உங்களுக்குத் தெரியாது. அதற்கே பதில் எழுதுங்கள். பிள்ளையின் பெயரையும் பிரிவையும் மேல் வரியில் போட்டால் அலுவலகத்தில் உள்ளவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்