எந்தத் தமிழில் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர், "தமிழில் எழுதித் தாருங்கள் என்று மட்டும் சொன்னால் எந்தத் தமிழில் எழுதுவது? பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா, ஆங்கிலம் கலந்ததா?" என்று கேட்டிருந்தார். "எளிய தமிழில் எழுதுங்கள்" என்று ஒரே வரியில் பதில் தந்திருந்தீர்கள். இருபது வருடமாக திண்டுக்கல்லில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். நோட்டீஸ், அழைப்பிதழ், ஆஸ்பத்திரித் தாள், கடைப் பலகை என்று தினமும் யாராவது "தமிழ்ல எழுதிக் குடுங்க" என்று கேட்டு வருகிறார்கள். எந்தத் தமிழ் என்று ஒருவரும் சொன்னதில்லை. எளிய தமிழ் என்ற அந்த வார்த்தையை நம்பி நான் செய்த ஒரு தவற்றைச் சொன்னால் அந்த வாசகருக்கு உதவும் என்று தோன்றியது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனை, நோயாளிகள் வீட்டில் ஒட்டிவைக்க ஒரு தாள் கேட்டது. ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று குறைந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். டாக்டர் ஆங்கிலத்தில் குறிப்பு கொடுத்தார். நான் முதலில் எழுதியது இப்படி இருந்தது: "இரத்தச் சர்க்கரை அளவு தாழ்நிலையை எய்தினால் உடனடியாக 15 கிராம் சர்க்கரையினை உட்கொள்ளவும்."

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே வேலை செய்த நர்ஸ் படித்துவிட்டு, "அண்ணே, சர்க்கரை கொறஞ்சா சர்க்கரை சாப்பிடணும்னு போட்டா, சர்க்கரை வந்தவங்க பயந்துருவாங்களே" என்றார். நோய்க்கும் சர்க்கரை, ரத்தத்தில் இருப்பதற்கும் சர்க்கரை, டீயில் போடுவதற்கும் சர்க்கரை. பத்து வருடமாக "சர்க்கரையைத் தொடாதீங்க" என்று கேட்டுப் பழகியவரிடம், படபடவென்று வியர்த்துக் கை நடுங்குகிற நேரத்தில் இந்த வாக்கியத்தைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அப்புறம் 15 கிராமை எந்த வீட்டில் நிறுத்துப் பார்ப்பார்கள்?

சரி, எளிமையாக்குவோம் என்று அடுத்த கோடிக்குப் போனேன். "சுகர் கொறஞ்சா ஒடனே மூணு ஸ்பூன் சீனி சாப்டுங்க" என்ற போக்கில் முழுத் தாளையும் மாற்றினேன். பேசுவது போலவே இருக்கிறது, எல்லோருக்கும் புரியும் என்று நினைத்தேன். அதுதான் பெரிய தவறு.

காத்திருப்பு அறையில் நாலைந்து பேரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னோம். முதல் தாளைவிட இதில்தான் அதிகம் தடுக்கி விழுந்தார்கள். வேடசந்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் "ஒடனே" என்ற சொல்லில் நின்று, எழுத்துக் கூட்டி, மறுபடி ஆரம்பித்தார். வாயில் நாள் முழுக்கப் புழங்குகிற சொல்தான். ஆனால் அதை அச்சில் அந்த எழுத்தோடு அவர் பார்த்ததில்லை. எட்டாவது வரை படித்தவர் என்றாலும் அவர் கண் பழகியது பள்ளிப் புத்தகம், பஸ் பலகை, தினசரிப் பேப்பர் எல்லாம் எழுதுகிற "உடனே"யைத்தான். படிக்கப் பழகிய யாரும் சொல்லின் உருவத்தை ஒரே பார்வையில் பிடிக்கிறோம். அந்த உருவத்தை மாற்றினால் எழுத்தெழுத்தாகக் கூட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொரு சிக்கல், பேச்சுத் தமிழுக்கு ஒத்துக்கொண்ட எழுத்துமுறை கிடையாது. "எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதை எடுத்துக்கங்க, எடுத்துக்குங்க, எடுத்துக்கோங்க, எடுத்துக்கிடுங்க என்று ஊருக்கு ஒரு விதமாக எழுதலாம். எதை எழுதினாலும் பாதிப் பேருக்கு அது அடுத்த ஊர்ப் பேச்சு. மருந்துத் தாளில் இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. நான் "சாப்டு மாத்திரை போடுங்க" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட வேண்டும் என்பது என் எண்ணம். பேசும்போது குரலின் அழுத்தம் காப்பாற்றிவிடும். எழுத்தில் அது சாப்பிடு என்பதா, சாப்பிட்டு என்பதா என்று தெரியவில்லை. எழுத்துத் தமிழில் ஒரு "ட்" அந்த வேலையைச் சுத்தமாகச் செய்துவிடுகிறது.

அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது: நான் இரண்டு முடிவுகளை ஒன்றாக நினைத்துக் குழப்பியிருக்கிறேன். எந்தச் சொல் என்பது ஒரு முடிவு. அந்தச் சொல்லுக்கு எந்த விகுதி, எந்த எழுத்து என்பது இன்னொரு முடிவு. முதல் தாளில் சொற்கள்தான் தூரத்தில் இருந்தன. எய்துவதும் உட்கொள்வதும் எந்த வீட்டில் நடக்கிறது? இலக்கணம் யாருக்கும் தொந்தரவு தரவில்லை. நானோ சொற்களோடு சேர்த்து இலக்கணத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

மூன்றாவது முறை எழுதியது இது. இன்றுவரை அச்சாவதும் இதுதான்:

"சுகர் 70-க்குக் கீழே இறங்கிவிட்டால், உடனே மூன்று டீஸ்பூன் சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சுகர் பாருங்கள். அப்போதும் 70-க்குக் கீழே இருந்தால் அதே அளவு இன்னொரு முறை குடியுங்கள். மயங்கிவிட்டவருக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். 108-ஐ அழையுங்கள்."

விகுதிகள் எல்லாம் எழுத்துத் தமிழ். சொற்களில் பாதி, நோயாளிகள் தாங்களே சொல்வது. "சுகர் பார்ப்பது" என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் இருக்கும் கருவியைத் தாளில் இன்னொரு இடத்தில் "சுகர் பார்க்கும் மெஷின்" என்று எழுதினோம். இரண்டு ஆங்கிலச் சொல், நடுவில் "பாக்குற" என்று எழுதாமல் "பார்க்கும்" என்று எழுத்துத் தமிழ்ப் பெயரெச்சம். இதைப் பார்த்து ஒரு தமிழாசிரியர் என்னிடம் வருத்தப்பட்டார். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இங்கே "சுகர்" என்ற ஆங்கிலச் சொல் தமிழுக்கு ஒரு வேலை செய்கிறது. நோயை ஒரு பக்கமும் சீனியை ஒரு பக்கமும் பிரித்துவைக்கிறது. அந்த வேலை இல்லாத இடத்தில் ஆங்கிலத்தைச் சேர்க்கவில்லை. "டேப்லெட்" என்று எழுதவில்லை, மாத்திரைதான். "இன்ஜெக்‌ஷன்" இல்லை, ஊசிதான். எல்லோர் வாயிலும் இருக்கிற தமிழ்ச் சொல்லை விட்டு ஆங்கிலத்துக்குப் போக எந்தக் காரணமும் இல்லை.

தமிழ்ச் சொல் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க முடியாது. "காலை, இரவு சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு" என்று ஒரு மாத்திரைக்கு எழுதியிருந்தோம். ஒரு அம்மா காலையில் அதைப் போடவே இல்லை. கேட்டால், "காலைல நான் சாப்பாடு சாப்பிடுறதில்லையே, இட்லிதானே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கம் சாப்பாடு என்றால் சோறு. இட்லியும் தோசையும் டிபன். "உணவு" என்று மாற்றினால் பொதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் அது தாளில் மட்டும் வாழ்கிற சொல், தன் வீட்டு இட்லியோடு அவர் அதைச் சேர்த்துப் பார்ப்பாரா என்று சந்தேகமாக இருந்தது. கடைசியில் "காலை டிபனுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் அரை மணி நேரம் முன்பு" என்று போட்டோம்.

இன்னொரு இடத்தில் "பாதங்களைத் தினமும் பரிசோதிக்கவும்" என்று இருந்தது. பரிசோதனை என்றால் லேபில் ரத்தம் கொடுப்பது என்பதுதான் பலர் மனதில் இருக்கிறது. "தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன் இரண்டு உள்ளங்காலையும் பாருங்கள், புண், கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா என்று" என மாற்றினோம். "பரிசோதிக்கவும்" என்ற முடிவிலும் ஒரு குறை உண்டு. அந்த "வும்" யாருக்கோ யாரோ போடும் உத்தரவு மாதிரி இருக்கிறது. "பாருங்கள்" என்றால் படிப்பவரைப் பார்த்துச் சொல்வதாகிறது. இரண்டுமே எழுத்துத் தமிழ்தான்.

இந்தச் சொற்களை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தாளைப் படிக்கக் கொடுத்து, வாங்கி வைத்துக்கொண்டு, "இப்ப உங்க வீட்டம்மாகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டோம். திருப்பிச் சொல்லும்போது அவர்கள் எந்தச் சொல்லை மாற்றுகிறார்களோ, அந்தச் சொல்தான் தாளில் இருக்க வேண்டிய சொல். "சீனி" அப்படித்தான் வந்தது. இதுவும் ஊருக்கு ஊர் மாறும். சென்னைக்கு இதே தாள் போனால் சர்க்கரை என்று மாற்ற வேண்டிவரும். இலங்கைத் தமிழருக்கு எழுதினால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே நோயையே "சீனி வருத்தம்" என்று சொல்வார்கள். நான் சர்க்கரையில் பட்ட சிக்கல் அங்கே சீனியில் வரும்.

பிறகு அதே மருத்துவமனை, தாளில் உள்ளதைப் போனில் ஒலிக்கும் பதிவாகவும் கேட்டது. அச்சான தாளை நர்ஸ் அப்படியே வாசித்தார். போட்டுக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. "குடியுங்கள், பாருங்கள், அழையுங்கள்" என்று காதில் விழுந்ததும், ஏதோ தேர்தல் பிரசாரம் என்று நினைத்துப் பலர் போனை வைத்துவிட்டார்கள். தாளில் தடுக்கிவிழ வைத்த பேச்சுத் தமிழ்தான் இங்கே தேவைப்பட்டது. ஆனால் அதை நான் எழுதித் தரவில்லை. நாலு குறிப்பை மட்டும் அவர் முன்னால் வைத்து, "உங்க பெரியம்மாவுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றோம். அவர் தன் ஊர்ப் பேச்சிலேயே முக்கால் நிமிடத்தில் சொல்லி முடித்தார். "கொறஞ்சா" என்பதை எப்படி எழுதுவது என்ற கேள்வியே எழவில்லை, ஏனென்றால் யாரும் அதை எழுதவில்லை.

வானொலிக்காரர்களுக்கு இது பழைய செய்தி. ஒரே நிலையத்தில் செய்தியை எழுத்துத் தமிழில் வாசிப்பார்கள், விவசாய நிகழ்ச்சியில் வயலில் நின்று பேசுவது போலப் பேசுவார்கள். கேட்பவர்களுக்கு இரண்டும் இயல்பாகவே இருந்தது. 1960-களில் தஞ்சைப் பக்கம் ஏ.டி.டி. 27 ரக நெல்லுக்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வந்தது. வானொலி வழியாக அந்த அளவுக்கு அது வயலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆக, அந்த வாசகருக்கு நான் சொல்லக்கூடியது: தமிழில் எழுதித் தாருங்கள் என்று மட்டும் சொன்னால், இதைக் கண் படிக்கப்போகிறதா, காது கேட்கப்போகிறதா என்று முதலில் கேளுங்கள். கண் என்றால் விகுதியையும் எழுத்தையும் எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, சொற்களை மட்டும் படிப்பவர் வீட்டிலிருந்து எடுங்கள். காது என்றால் பேசப்போகிறவரையே பேசவிடுங்கள். பத்திரம், அரசு விண்ணப்பம் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே ஏற்கெனவே வகுத்த வாசகம் உண்டு, ஒரு சொல்லை மாற்றினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த மாத இதழுக்காக வாசகர்களிடம் மருத்துவக் குறிப்புகள் கேட்டு அறிவிப்பு வெளியிட்டிருக்கிறீர்கள். அதிலும் "எளிய தமிழில்" என்றுதான் இருக்கிறது. அந்த இடத்தில் "இதைப் படிக்கப்போகிறவர் இன்னார்" என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரி அன்று எனக்குக் கிடைத்திருந்தால், முதல் இரண்டு தாளையும் தலா ஐந்நூறு அச்சடித்துப் பழைய பேப்பர் கடையில் போட்டிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடைக்காரர்,
திண்டுக்கல்.