பதினேழுக்கு ஒன்று சொல்லாத கதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய டென்னிஸ் போட்டி முடிந்த மறுநாள் விளையாட்டுப் பக்கத்தில் செட் கணக்கின் கீழே ஒரு சிறு பெட்டி வருகிறது. எதிராளி சர்வ் செய்யும் கேமைப் பறிக்கக் கிடைக்கும் வாய்ப்பான பிரேக் பாயிண்ட் இத்தனைக்கு இத்தனை, தானாகச் செய்த தவறுகள் இத்தனை. அந்தப் பெட்டியை நான் செய்தியைவிட ஆவலாகப் படிப்பவன். என் குறை, பெட்டிக்கு மேலே இருக்கும் செய்தியைப் பற்றியது. பிரேக் பாயிண்ட் கணக்கு மோசமாக இருந்தால் 'பதற்றத்தில் வாய்ப்புகளைக் கோட்டை விட்டார்' என்று எழுதிவிட்டு நிருபர் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார். பல நேரம் அந்த எண் சொல்வது வேறு.

2007 பிரெஞ்சு ஓபன் இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். நடாலிடம் ஃபெடரர் 6-3, 4-6, 6-3, 6-4 என்று தோற்றார். அன்று ஃபெடரருக்குக் கிடைத்த பிரேக் பாயிண்ட்கள் 17. வென்றது ஒன்றே ஒன்று. முதல் செட்டில் மட்டும் பத்து வாய்ப்புகள், பத்தும் வீண். உலகின் முதல்நிலை வீரர், அதுவும் அப்போது உச்சத்தில் இருந்தவர், பதினாறு முறை பதறினாரா?

பிரேக் பாயிண்ட் ஆடுகளத்தின் எந்தப் பக்கத்தில் நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் விடை தெரியும். ஒரு கேமில் புள்ளிகள் வலது, இடது என்று பக்கம் மாறி மாறி ஆடப்படுகின்றன. 30-40 என்றால் ஐந்து புள்ளிகள் முடிந்துவிட்டன. அடுத்தது இடப்பக்கம், அதாவது அட்வான்டேஜ் பக்கம். 0-40 என்றாலும் இடப்பக்கம்தான். 40-40 என்ற டியூஸுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு பிரேக் பாயிண்டும் அங்கேதான். வலப்பக்கம் நடப்பது 15-40 ஒன்று மட்டும். ஆக, பிரேக் பாயிண்ட்களில் பெரும்பாலானவை ஒரே பக்கத்தில் விழுகின்றன.

நடால் இடக்கையால் ஆடியவர். அட்வான்டேஜ் பக்கத்திலிருந்து அவர் சுழற்றி அனுப்பிய சர்வ், வலக்கை ஆட்டக்காரரின் பேக்ஹேண்டை நோக்கி வந்து, தரையில் பட்டபின் இன்னும் வெளியே விலகிப் போகும். ஃபெடரரின் பேக்ஹேண்ட் ஒற்றைக் கையால் ஆடப்பட்டது. களிமண் தரையில் பந்து தோள் உயரத்துக்கு எழும்போது, ஆடுகளத்துக்கு வெளியே நின்றுகொண்டு ஒற்றைக் கையால் அதை வலுவாகத் திருப்பி அடிப்பது கடினம். எட்டிப்பிடித்துத் தள்ளினால் பந்து நடுவில் மெதுவாக வந்து விழும். அதற்குள் எதிர்ப்பக்கம் முழுவதும் காலியாக இருக்கும். நடால் தன் ஃபோர்ஹேண்டால் அதில் அடிப்பார். இத்தனைக்கும் அந்த சர்வ் வேகமானது அல்ல. எதிராளி தொடவே முடியாத ஏஸ் போடுவது அதன் நோக்கமே இல்லை. அடுத்த அடியைத் தனக்கு வசதியாக்கிக்கொள்வதே நோக்கம். 17-க்கு 1 என்பதில் மனத் தளர்ச்சிக்கும் ஒரு பங்கு இருக்கலாம். பெரும்பங்கு அந்தப் பக்கத்தின் கோணத்துக்கு.

அதே போட்டியில் ஃபெடரர் தானாகச் செய்த தவறுகள் அறுபதை ஒட்டி இருந்தன. நடாலுடையவை அதில் பாதிகூட இல்லை. இந்த எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஆட்டக்காரருக்கு நேரமும் இருந்தது, நிற்கும் இடமும் சரி, ஆனாலும் பந்து வலையில் பட்டது அல்லது கோட்டைத் தாண்டியது என்றால் அது தானாகச் செய்த தவறு. எதிராளியின் அடியால் நிலைகுலைந்து தவறினால் அது வேறு கணக்கு. இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது இயந்திரமல்ல, ஆடுகளத்தருகே உட்கார்ந்து பார்த்துக் குறிக்கும் ஒரு மனிதர். அவர் அந்த ஒரு அடியைப் பார்க்கிறார். அதற்கு முன் பேக்ஹேண்டை நோக்கி வரிசையாக ஆறு முறை உயரே எழுந்து வந்த பந்துகளை அவர் குறிப்பதில்லை. ஏழாவதைத் தவறவிட்டால், யாரும் கட்டாயப்படுத்தாத தவறு என்றுதான் பதிவாகும். இரண்டு சர்வும் தவறிப்போகும் டபுள் ஃபால்ட்களும் வழக்கமாக இதே கணக்கில்தான் சேரும்.

இனி நேர் எதிரான ஒரு போட்டி. 2019 விம்பிள்டன் இறுதியில் ஜோகோவிச்சுக்கு எதிராக ஃபெடரர் 13 பிரேக் பாயிண்ட்களில் 7-ஐ வென்றார். ஜோகோவிச் 8-இல் 3-ஐ. மொத்தப் புள்ளிகளில் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. பெட்டியை மட்டும் பார்த்தால் கோப்பை யாருக்கு என்று ஐயமே வராது. ஆனால் முடிவு 7-6, 1-6, 7-6, 4-6, 13-12. வென்றவர் ஜோகோவிச்.

அந்த ஏழு பிரேக்குகளும் எங்கே போயின? மூன்று, 6-1 என்று முடிந்த இரண்டாவது செட்டில் செலவாயின. அங்கே ஒன்றே போதும். ஜோகோவிச் வென்ற மூன்று செட்களும், கேம்கள் சமமாக நிற்கும்போது செட்டைத் தீர்க்க ஆடப்படும் டைபிரேக்கில் தீர்ந்தவை. டைபிரேக்கில் பிரேக் பாயிண்ட் என்ற கணக்கே கிடையாது. எதிராளியின் சர்வில் எத்தனை புள்ளிகளைப் பிடுங்கினாலும் பெட்டியின் பிரேக் கணக்கில் ஏறாது. (ஐந்தாவது செட்டில் 12-12-இல் டைபிரேக் என்ற விதி விம்பிள்டனில் அமலுக்கு வந்ததே அந்த ஆண்டுதான்.) முதல் டைபிரேக்கில் 5-3 என்று முன்னிலையில் இருந்த ஃபெடரர் அடுத்த நான்கு புள்ளிகளையும் இழந்தார். மூன்று டைபிரேக்குகளையும் சேர்த்து அவர் தானாகச் செய்த தவறுகள் 11. ஜோகோவிச் ஒன்றுகூடச் செய்யவில்லை. போட்டி முழுவதற்குமான தவறுகளில் இருவருக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இல்லை.

ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்ற நிலையில் ஃபெடரர் கையில் சர்வும் இருந்தது, இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட்களும் இருந்தன. முதலாவதில் அவரது ஃபோர்ஹேண்ட் பக்கவாட்டில் வெளியே போனது. இரண்டாவதில் அவர் வலைக்கு வந்தார். ஜோகோவிச் ஃபோர்ஹேண்டால் குறுக்கே அடித்து, பந்தை அவருக்கு எட்டாமல் கடத்திவிட்டார். தொடர்ந்து இன்னும் இரண்டு புள்ளிகள் போய், சர்வும் போனது. இவ்வளவும் பெட்டியில் 8-க்கு 3 என்பதில் ஒரு பிரேக்காக ஒடுங்கிக் கிடக்கிறது. 1-6 செட்டின் பிரேக்குகளும் அதே எடைதான்.

விழுக்காட்டைப் பற்றியும் ஒன்று. 0-40 வரை கொண்டுபோய், இரண்டைத் தவறவிட்டு, மூன்றாவதில் பிரேக் செய்பவருக்கு 33 விழுக்காடு என்று போடுகிறோம். கேமை அவர் வென்றுவிட்டார், குறை ஏதும் இல்லை. இப்படி மூன்று கேம்கள் ஆடினால் 9-க்கு 3. இதைப் பார்த்து 'ஆறு வாய்ப்புகள் வீண்' என்று எழுதுவது அநியாயம்.

ஆகவே விளையாட்டுப் பிரிவினருக்கு இரண்டு கோரிக்கைகள். பிரேக் பாயிண்ட் எத்தனை என்பதோடு, அவை எத்தனை கேம்களில் வந்தன என்பதையும் சேர்த்துப் போடுங்கள். டைபிரேக் நடந்திருந்தால் அதில் நிகழ்ந்த தவறுகளைத் தனி வரியில் கொடுங்கள். இடம் போதவில்லை என்றால், அதிவேக சர்வ் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வரியை எடுத்துவிடலாம். அதனால் எந்தப் போட்டியும் எனக்கு விளங்கியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்