பேசி அனுப்பும் செய்தியை ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். லீவு சொல்வதும், மாலையில் பிள்ளையை யார் அழைத்துப் போவார்கள் என்று சொல்வதும் இப்போது வகுப்பாசிரியரின் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. ஓசூரில் ஷிப்டில் இருப்பவர்கள், பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போனவர்கள் எல்லாம் கீபோர்டில் உள்ள மைக்கை அமுக்கிப் பேசி, போன் அதை எழுத்தாக்கியதும் செய்தியாக அனுப்புகிறீர்கள். தாராளமாக அப்படியே அனுப்புங்கள். ஆனால் சென்ற வாரம் வந்த இந்தச் செய்தியைப் பாருங்கள்:

"சாயங்காலம் மாமா வருவார் இல்லை மாரண்ட பள்ளி பஸ்ஸில் ஏத்தி விடுங்க"

மாமா வருவாரா, மாட்டாரா? முதலில் மாமா என்று சொல்லிவிட்டு, பிறகு மனம் மாறி "இல்லை, பஸ்ஸில்" என்கிறாரா? ஆசிரியர் போன் செய்து கேட்டார். அந்த அம்மா சொன்னது, "மாமா வருவார், இல்லைன்னா மாரண்டஅள்ளி பஸ்ஸில் ஏத்தி விடுங்க." வேகமாகப் பேசியதில் "ன்னா" விடுபட்டுவிட்டது. பேச்சில் விட்ட இடைவெளி கமாவாக வரவில்லை. ஊர்ப் பெயரும் மாறிவிட்டது. போன் தனக்கு அதிகம் பழகிய சொல்லைத்தான் போடும். அதனால் "அள்ளி" என்று முடியும் நம் பக்கத்து ஊர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

இதில் "இல்லை"யும் சரியான சொல், "பள்ளி"யும் சரியான சொல். அதனால் போன் சிவப்புக் கோடு போட்டு எச்சரிக்காது. நீங்கள்தான் படித்துப் பார்க்க வேண்டும். மனதில் இருப்பதைச் சொல்லிப் பார்த்தால் தவறு தெரியாது. திரையில் உள்ளதை மட்டும், வேறு யாரோ அனுப்பியது போல, வாய்விட்டுப் படியுங்கள். தடுக்கும் இடத்தில் விரலை வைத்துத் திருத்தி, புள்ளியைக் கையாலேயே போடுங்கள். மைக்கில் "முற்றுப்புள்ளி" என்றால் சில போன்களில் அந்தச் சொல்லே எழுத்தாக வந்து நிற்கும். அந்தச் செய்தி இப்படி இருந்தால் குழப்பமே இல்லை:

"சாயங்காலம் மாமா வருவார். அவர் வராவிட்டால் மாரண்டஅள்ளி பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்."

எல்லாப் பிழையையும் திருத்திக்கொண்டு உட்கார வேண்டாம். "வயிற்று வழி" என்று வந்தாலும் எங்களுக்குப் புரியும். ஆள், நேரம், ஊர், அப்புறம் ஆமாவா இல்லையா என்பது, இவை மட்டும் சரியாக இருக்கட்டும். "வரல" என்று சொன்னது "வரலாம்" என்று பதிவானால் லீவே மாறிவிடும்.

அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால், செய்தியை அழுத்திப் பிடித்து 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஆனால் ஏற்கெனவே படித்துவிட்ட ஆசிரியருக்கு, நீங்கள் திருத்தியதற்குத் தனியாக மணி அடிக்காது. அதனால் பிள்ளையை அனுப்பும் விஷயம் என்றால் "முந்தையது தவறு" என்று புதுச் செய்தியே போடுங்கள். பள்ளி விடும் நேரம் நெருங்கிவிட்டால் போன் செய்துவிடுங்கள்.

தமிழ் படிக்கச் சிரமப்படும் தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் அவர்கள் குரல் பதிவாகவே அனுப்பட்டும். ஆசிரியர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்