பிளாக் ஹீட்டரை எப்போது போட வேண்டும்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வின்னிபெக்கில் குளிர் இறங்கத் தொடங்கிவிட்டது. ஜனவரியில் "கார் ஸ்டார்ட் ஆகவில்லை" என்று காலை 7 மணிக்கு வரும் அழைப்புகளில் சிலவற்றுக்குக் காரணம் பழுது இல்லை, ஹீட்டரைப் போட்ட நேரம்தான். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

பிளாக் ஹீட்டர் என்பது எஞ்சினுக்குள் கூலன்ட் ஓடும் இடத்தில் செருகியிருக்கும் ஒரு சிறிய சூடாக்கும் கம்பி. சாதாரணக் காரில் அது சுமார் 400 வாட். கிரில் பக்கம் தொங்கும் பிளக்கைச் சுவரில் செருகினால் கூலன்ட் சூடாகி, எஞ்சின் உடம்பும் மெல்லச் சூடேறும். குளிரில் உறைந்து பிசுபிசுத்த எண்ணெய் கொஞ்சம் இளகும், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பாரம் குறையும். மைனஸ் 15-க்குக் கீழே போகும் இரவுகளில் கட்டாயம் போடுங்கள்.

எவ்வளவு நேரம்? 4 மணி நேரம் போதும். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் எஞ்சின் வேகமாகச் சூடாகும். அப்புறம் ஹீட்டர் தரும் சூடும் வெளிக்காற்று பிடுங்கிக்கொள்ளும் சூடும் சமமாகிவிடும். அதற்கு மேல் எவ்வளவு நேரம் போட்டாலும் சூடு ஏறாது. மாலை 7 மணிக்குச் செருகிக் காலை 7 மணிக்கு எடுத்தால் 4.8 யூனிட் மின்சாரம் போகும். டைமர் வைத்து அதிகாலை 3 மணிக்குப் போட்டால் 1.6 யூனிட்தான். மாதம் 30 இரவு என்றால் 96 யூனிட் மிச்சம்.

ஆனால் டைமர் எல்லோருக்கும் பொருந்தாது. போன குளிர்காலத்தில் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒருவரின் கார் மைனஸ் 31-இல் நின்றுவிட்டது. ஹீட்டரை மீட்டர் வைத்துப் பார்த்தோம், நன்றாக இருந்தது. வயரும் சரி. டைமர் 3 மணிக்குத்தான் வைக்கப்பட்டிருந்தது. கடைசியில் டைமரின் வட்டத் தகட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது: காலை 7 மணிக்கு அது 1 மணி என்று காட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். இங்கே சில கட்டடங்களின் பார்க்கிங்கில் மின்சாரத்தைச் சேமிக்க, பிளக்கில் அரை மணி நேரம் மின்சாரம் விட்டு அரை மணி நேரம் நிறுத்துவார்கள். சுழலும் தகடு உள்ள டைமர் மின்சாரத்தில்தான் ஓடும், மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். 12 மணி நேரத்தில் அது 6 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. அதன் கணக்கில் 3 மணி வரவே இல்லை. ஹீட்டர் அன்று ஒரு நிமிடம்கூட வேலை செய்யவில்லை.

உங்கள் டைமரைக் காலையில் ஒரு பார்வை பாருங்கள். மணி பின்தங்கியிருந்தால் உங்கள் பார்க்கிங்கும் அப்படித்தான். அங்கே டைமரை எடுத்துவிட்டு, இரவு வந்ததும் நேராகச் செருகிவிடுங்கள். சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு டைமர் நல்லது. வெளியில் பயன்படுத்தக்கூடியது என்று குறித்திருக்கும் மூன்று முனை நீட்டிப்பு வயரையும் டைமரையும் மட்டும் வாங்குங்கள். வீட்டுக்குள் விளக்குக்குப் போடும் மெல்லிய வயர் வேண்டாம், அது சூடாகி உருகிவிடும்.

இன்னொன்று, பிளாக் ஹீட்டர் பேட்டரியைச் சூடாக்காது. எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தும் சாவியைத் திருப்பினால் "டக் டக்" என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் பேட்டரி சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். நாலைந்து வருடப் பழைய பேட்டரி என்றால் கடுங்குளிர் வரும் முன்பே சோதித்துவிடுவது நல்லது. ஸ்டார்ட் செய்யும்போது விளக்கையும் ஃபேனையும் அணைத்து வையுங்கள். 10 விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை ஓட்ட வேண்டாம். பிடிக்காவிட்டால் ஒரு நிமிடமாவது விட்டு மறுபடி முயலுங்கள். பிடித்ததும் ஒரு நிமிடம் நிறுத்திவைத்து, அப்புறம் மெதுவாக ஓட்டிப்போனால் போதும்.

ஹீட்டர் வேலை செய்கிறதா என்று தெரிய, செருகியதும் பானட் பக்கம் காதை வையுங்கள். பல கார்களில் சிறிது நேரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது வருவது போல மெல்லிய இரைச்சல் கேட்கும். கேட்காவிட்டால் இங்கே கொண்டு வாருங்கள். பிளக்கின் இரண்டு தட்டை முனைகளுக்கும் இடையில் மீட்டர் வைத்தால் 400 வாட் ஹீட்டருக்குச் சுமார் 36 ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் கம்பியோ வயரோ அறுந்திருக்கும். நாங்கள் பார்த்த வரையில் வயர்தான் அடிக்கடி போகிறது, அதுவும் கிரில் அருகே மடங்கும் இடத்தில். பிளக்கை எடுக்காமல் காரைக் கிளப்பிவிடுவதும் ஒரு காரணம். மறக்காமல் இருக்க, செருகியதும் நீட்டிப்பு வயரை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

இந்தச் சோதனைக்கு 5 நிமிடம்தான் ஆகும், காசு வாங்குவதில்லை. நவம்பர் முடிவதற்குள் எந்தச் சனிக்கிழமை காலையிலும் வரலாம்.

அன்புடன்,
உங்கள் கராஜ்