ஒரு டாய்லெட் காணாம போன கதை

மாப்ள சேகரு,

எப்படிடா இருக்க. உன் மெயில் வந்து பத்து நாள் ஆச்சு, பதில் போடணும் போடணும்னே தள்ளிப் போயிருச்சு, கோவிச்சுக்காத. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். எனக்கு முழங்கால் வலிதான், மாடிப்படி ஏறும்போது "ரைசர் ஆறு இஞ்ச் வச்சிருக்கலாமே"ன்னு நான் கட்டின வீட்டையே நானே திட்டிக்கிட்டு ஏறுறேன். சின்னவ காலேஜ் முடிச்சுட்டா. உன் பையன் டிராயிங் போட ஆரம்பிச்சுட்டான்னு படிச்சப்ப சிரிப்பா வந்துச்சு, பாலிடெக்னிக்ல நீ டீ-ஸ்கொயரை பஸ்ல விட்டுட்டு வந்து அழுதது ஞாபகம் இருக்கா?

சரி விஷயத்துக்கு வரேன். உன் பையன் அடி இஞ்ச்ல போட்ட பிளானை மில்லிமீட்டருக்கு மாத்தியிருக்கான், ஏரியா சரியா வருதான்னு பாக்கணும்னு கேட்டிருந்தல்ல. போன மாசம் எனக்கே இதுல ஒரு கூத்து நடந்துச்சு, அதைச் சொன்னா உனக்கு எல்லாம் புரிஞ்சிரும்.

ஒரு கிரவுண்டு மனை, 40க்கு 60. நடுவுல 30க்கு 40 வீடு, வெளிச்சுவரோட சேத்து 1200 சதுர அடி. பக்கத்துக்கு அஞ்சு அடி, முன்னாடி பின்னாடி பத்து பத்து அடி விட்டிருக்கு. இதை விட சுலபமான பிளான் கிடையாது. ஓனரோட பழைய டிராயிங் அடி இஞ்ச்ல இருந்துச்சு, அதாவது ஒரு யூனிட்னா ஒரு இஞ்ச். அனுமதிக்குப் போடறதுக்கு மெட்ரிக்ல வேணும்னு யாரோ ஒரு டிராப்ட்ஸ்மேன்கிட்ட குடுத்து மாத்தி வாங்கிட்டு, செக் பண்ணிக் குடுங்கன்னு என்கிட்ட வந்தாரு. வந்தவரு முதல் வார்த்தையே "சார் என் வீடு 1200ன்னு சொன்னாங்க, இந்த டேபிள்ல 1162ன்னு இருக்கு, 38 சதுர அடி எங்க போச்சு"ன்னாரு.

நான் பிளானைப் பாத்தேன். நீளம் அகலம் ரெண்டும் 9144, 12192ன்னு அழகா போட்டிருக்கு. முப்பது அடியை 304.8 ஆல பெருக்கினா 9144, நாப்பது அடிக்கு 12192, சுத்தமா சரி. ரெண்டையும் மீட்டராக்கி பெருக்கினா 111.48 சதுர மீட்டர், 10.764 ஆல பெருக்கினா 1200. ஆனா ஏரியா டேபிள்ல 108.00 சதுர மீட்டர். கால்குலேட்டர்ல ஏதோ தப்பு, டைப் பண்ணும்போது விட்டுட்டான்னுதான் முதல்ல நினைச்சேன். ஆட்டோகேட்ல பைலைத் திறந்து வெளிச்சுவர் ஓரத்துல பாலிலைன் போட்டு AREA அடிச்சா அதுவும் 108000000ன்னு வருது. டைப் பண்ண தப்பு இல்ல, கோடே சின்னதா இருக்கு.

அப்பதான் DIST வச்சு மூலைக்கு மூலை எடுத்தேன். 30க்கு 40 வீட்டுக்கு மூலைவிட்டம் 50 அடி வரணும், கொத்தனார் மூலைமட்டம் பாக்கற அதே மூணு நாலு அஞ்சு கணக்கு, அதாவது 15240. வந்தது 15000. நீளம் 12000, அகலம் 9000. பாத்தியா எவ்வளவு ரவுண்டா இருக்கு, அந்த ரவுண்டுதான் சந்தேகப்பட வேண்டிய இடம். அடியில போட்ட வீடு மில்லிமீட்டர்ல ரவுண்டா வரவே வராது, 9144 மாதிரி ஏதாவது கோணலாத்தான் வரும். அந்த ஆள் இஞ்சுக்கு 25.4 போடாம 25 போட்டு பெருசாக்கியிருக்கான். அப்ப அடிக்கு 300 ஆயிருது.

இதுல நான் ரொம்ப நேரம் யோசிச்சது என்னன்னா, 9144ன்னு டைமென்ஷன் எப்படி வந்துச்சு? மேல டைப் பண்ணியிருப்பான்னு பிராபர்ட்டீஸ்ல பாத்தா டெக்ஸ்ட் ஓவர்ரைடு காலியா இருக்கு. அடுத்தாப்ல டைமென்ஷன் ஸ்டைல் உள்ள போனேன், பிரைமரி யூனிட்ஸ் பக்கத்துல ஸ்கேல் பேக்டர்னு ஒன்னு இருக்குல்ல, அதுல 1.016ன்னு கிடக்கு. 25.4ஐ 25 ஆல வகுத்தா 1.016. புரிஞ்சுதா? மாத்தின பிறகு டைமென்ஷன் 9000ன்னு வந்ததை யாரோ பாத்திருக்காங்க, கோட்டைத் திருத்தறதுக்குப் பதிலா காட்டற எண்ணை மட்டும் திருத்திட்டாங்க. அந்த ஸ்கேல் பேக்டர், அதாவது DIMLFAC, டைமென்ஷன்ல எழுதற எண்ணைத்தான் பெருக்கும், AREA, DIST, LIST எதையும் தொடாது. பேப்பர்ல நீளம் சரி, ஏரியா தப்பு. நீளத்துல 1.6 சதவீதம் குறைஞ்சா ஏரியாவுல அது ரெண்டு தடவை குறையும்ல, 3.1 சதவீதம், 1200க்கு 37.5 சதுர அடி. அஞ்சுக்கு ஏழரை டாய்லெட் ஒன்னு காணோம்னு ஓனர்கிட்ட சொன்னேன், அவருக்கு சிரிப்பு வரலை, சதுர அடி ரேட்ல காண்ட்ராக்ட் பேசியிருந்தாரு பாவம்.

ஏரியா டேபிளே இல்லாத பைல்ல இது மாட்டுமான்னா மாட்டும், மனையோட சேத்துப் பாத்தா. மனை சர்வேயர் குடுத்தது, மெட்ரிக்ல வந்தது, அது 12192க்கு 18288ன்னு சரியா இருந்துச்சு, அதோட டைமென்ஷன் சர்வேயர் ஸ்டைல்ல, பேக்டர் 1. நடுவுல சின்னதா போன வீடு உக்காந்திருக்கு. பக்கத்து இடைவெளி நிஜத்துல 1524 இருக்கணும், கோட்டுல 1596, டைமென்ஷன்ல அந்த 1.016 பெருக்கி 1622ன்னு காட்டுது. இப்ப குறுக்கா கூட்டிப் பாரு, 1622ம் 9144ம் 1622ம் சேந்தா 12388. மனையே 12192தான். வீடும் இடைவெளியும் சேந்து மனையை விட 196 மில்லி பெருசா இருக்கு! இது யாருக்கும் கண்ணுல படலை, ஏன்னா யாரும் கூட்டிப் பாக்கலை. உன் பையன்கிட்ட சொல்லு, ஒவ்வொரு பக்கமும் சின்னச் சின்ன அளவைக் கூட்டி மொத்த அளவோட ஒப்பிடச் சொல்லு, ரூம் அளவும் சுவரும் சேத்து உள்ளயும் அப்படித்தான். டெக்ஸ்டை நம்பாம DIST வச்சு எடுக்கணும், அது முக்கியம்.

இன்னொன்னு, UNITS போய் இஞ்சை மில்லிமீட்டர்னு மாத்தினா டிராயிங் மாறிரும்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. மாறாது. அங்க மாறற INSUNITS வெளியில இருந்து பிளாக் கொண்டுவரும்போது எத்தனை மடங்கு பெருக்கணும்னு சொல்றதுக்குத்தான். 360 யூனிட் சுவர் 360ஆவேதான் இருக்கும், பேருதான் 360 இஞ்ச்ல இருந்து 360 மில்லியா மாறும். ஆனா அந்தத் தப்பு பரவாயில்லை, முப்பது அடி வீடு ஒரு அடி ரெண்டு இஞ்ச் ஆயிரும், பாத்த உடனே தெரிஞ்சிரும். 25 மடங்கு தப்பு கதவை உடைச்சுக்கிட்டு வரும் மாப்ள, இந்த 1.6 சதவீதம்தான் செருப்பைக் கழட்டிட்டு பூனை மாதிரி வரும்.

திருத்தினது இப்படித்தான், வீட்டை மட்டும் செலக்ட் பண்ணி (மனை சரியா இருக்கு, அதைத் தொடக்கூடாது), வீட்டு மூலையை பேஸ் பாயிண்டா குடுத்துட்டு:

```
SCALE
R
9000
9144
```

அப்புறம் ஸ்டைல்ல பேக்டரை 1ன்னு போட்டேன். ரெண்டையும் சேத்துத்தான் செய்யணும், கோட்டை மட்டும் பெருசாக்கி பேக்டரை விட்டா டைமென்ஷன் 9290ன்னு காட்டும். மூலையை வச்சு பெருசாக்கினதால வீடு ஒரு பக்கமா தள்ளிப் போச்சு, MOVE போட்டு மனைக்கு நடுவுல உக்கார வச்சேன், பக்கம் 1524, முன்ன பின்ன 3048. AREA 111483648 வந்துச்சு, பத்து லட்சத்தால வகுத்தா 111.48. சிலர் ஆயிரத்தால வகுத்துட்டு முழிப்பாங்க, நீளத்துக்கு ஆயிரம்னா ஏரியாவுக்கு ஆயிரம் பெருக்கல் ஆயிரம்.

இதுல ஒரு வில்லங்கமும் இருந்துச்சு. பைலை மாத்தின பிறகு அந்த ஆள் கான்கிரீட் தூண் எல்லாம் புதுசா மில்லிமீட்டர்லயே போட்டிருந்தான், 230க்கு 300ன்னு. நான் எல்லாத்தையும் பெருசாக்கினப்ப அதுவும் சேந்து 233.7க்கு 304.8 ஆயிருச்சு. சுவர் பரவாயில்லை, 225ஆ இருந்தது 228.6 ஆச்சு, ஒன்பது இஞ்ச் சுவர், அது சரி. தூணை மட்டும் ஒவ்வொன்னா திருப்பிப் போட வேண்டியதாச்சு. அதனால மாத்தறதுக்கு முன்னாடி வந்தது எது பின்னாடி போட்டது எதுன்னு பையனுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு.

பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வச்சுப் பாக்கறதா எழுதியிருந்த, அதுல ஒரு சிக்கல் இருக்கு. நம்ம காலத்து "எட்டடி ஒரு இஞ்ச்" ஞாபகம் இருக்குல்ல, அது ஒன்னுக்கு 96, நூறு இல்ல. அந்தப் பிரிண்ட்ல 1:100 ஸ்கேலை வச்சா முப்பது அடி 31 அடி 3 இஞ்சா தெரியும், ஏரியா 1302 ஆயிரும். பிரிண்டர்ல "பிட் டு பேப்பர்" போட்டிருந்தா எந்த ஸ்கேலும் பொருந்தாது. 1:100ல எடுத்தா முப்பது அடிச் சுவர் பேப்பர்ல 91 மில்லியும் கொஞ்சமும் இருக்கணும், சாதா ஸ்கேல் வச்சே பாத்துரலாம்.

கடைசியா, எந்தக் கோட்டுல சுத்தி AREA எடுத்தான்னும் கேளு. வெளிச்சுவருக்கு வெளியே எடுத்தா 1200, உள்ளே எடுத்தா 28.5க்கு 38.5, அதாவது 1097. ரெண்டுமே சரிதான், எது எதுன்னு எழுதியிருக்கணும் அவ்வளவுதான். இதை யூனிட் தப்புன்னு நினைச்சு ஒரு நாள் பூரா தேடினவன் நான்.

பிடிஎப் அனுப்பாத, டிடபிள்யூஜி பைலையே அனுப்பச் சொல்லு, பழைய இஞ்ச் பைலும் சேத்து. அது ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா கால் மணி நேரத்துல பாத்துச் சொல்லிருவேன். ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்ணு, சாயங்காலம் வேணாம், பேரன் போனைத் தர மாட்டான்.

உன்
கணேசன்