மாடியை அப்படியே மேலே ஒட்டாதீர்கள்

கான்செப்ட் பிரசன்டேஷனுக்குப் படம் தயாரிக்கும் வடிவமைப்புக் குழுக்களுக்கு,

வணக்கம். "இந்தக் கட்டடத்துக்கு ஒரு மாடி ஏற்றிக் காட்டுங்கள்" என்று வரும் படங்களைத் திருத்துபவர்கள் நாங்கள். நீங்களே அவசரத்துக்கு ஏற்றி அனுப்பும் படங்களில் திரும்பத் திரும்ப ஒரே தவறைப் பார்க்கிறோம்: மேல் தளத்தை நகலெடுத்து நேராக மேலே நகர்த்தி விடுகிறீர்கள். தூரத்து முனை கெட்டுப்போவது அங்கேதான்.

தெருவில் நின்று, கண் உயரத்தில் (சுமார் 1.5 மீட்டர்) எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தளங்கள், தளத்துக்கு 3 மீட்டர். இடப்பக்கம் நமக்கு அருகிலுள்ள மூலையில் ஒரு தளம் 240 பிக்சல், வலப்பக்கத் தூர முனையில் 160 பிக்சல். புதிய தளம் அருகில் 240, தூரத்தில் 160 மட்டுமே ஏற வேண்டும். நேராக 240 ஏற்றினால் தூர முனையில் 80 பிக்சல் இடைவெளி விழும். அதை நிரப்பப் போய்த்தான் கட்டடம் கோணலாகிறது.

ஆகவே முதலில் செங்குத்துக் கோடுகளை நிமிர்த்துங்கள். Photoshop-இன் Camera Raw-இல் Geometry பகுதியின் Vertical போதும். மேலே வானத்துக்கு இடம் விடுங்கள். பிறகு மேல் தளத்தைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து, இரு முனைகளிலும் சரியாக வெட்டி, புது லேயரில் 240 பிக்சல் ஏற்றுங்கள். Edit > Transform > Skew எடுத்து வலப்பக்க நடுப்பிடியை 80 பிக்சல் கீழே இழுங்கள். அவ்வளவுதான். பழைய கைப்பிடிச் சுவர் தானாக மறைந்துவிடும். Perspective கருவி இங்கே வேண்டாம். செங்குத்துகள் நிமிர்ந்திருந்தால் இந்தச் சாய்ப்பே கணக்குப்படி சரி. மூலைக்கு அடுத்த பக்கச் சுவரையும் இதேபோல் தனியாகச் செய்யுங்கள். சரிபார்க்க, புதிய தளத்தின் ஜன்னல் அடிக்கோட்டை நீட்டிப் பாருங்கள். கீழ்த்தளக் கோடுகள் சேரும் புள்ளியிலேயே அதுவும் சேர வேண்டும்.

சுவர் சரியானாலும் சன்ஷேடு காட்டிக்கொடுக்கும். 8 மீட்டர் உயரத்திலுள்ள சன்ஷேடு கண்ணுக்கு மேலே 6.5 மீட்டர், 11 மீட்டருக்கு ஏறினால் 9.5. அதன் அடிப்பரப்பு படத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாகத் தெரிய வேண்டும். நகலில் பழைய அகலமே இருக்கும். அந்தப் பட்டையை மட்டும் தனியாக இழுத்து நீட்டுங்கள். பால்கனி அடியும் அப்படித்தான்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி சுவரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தால், கட்டடம் உயர உயரத் தெருவிலிருந்து குறைவாகத்தான் தெரியும். அதைக் கூடவே ஏற்றிவிடாதீர்கள். தரையில் விழும் நிழலும் 9-இலிருந்து 12 மீட்டருக்கு, மூன்றில் ஒரு பங்கு நீளும். பாதி திறந்த ஜன்னல் இரண்டு தளத்தில் ஒரே மாதிரி இருந்தால், அதில் ஒன்றை மாற்றிவிடுங்கள்.

எங்களிடம் அனுப்புவதானால் கட்டடத்தின் மேல்விளிம்பு வெட்டுப்படாத மூலப்படமும், தள உயரமும் இணைத்தால் போதும். புது மாடியின் உயரத்தைப் படத்தின் ஓரத்தில் எழுதியே காட்டுங்கள்.

இப்படிக்கு,
படத் திருத்தப் பணியாளர்கள்