கம்போஸ்ட் ட்ரையலுக்கு முடிவு தேதி போடுங்க: நம்ம அபார்ட்மென்ட் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

செக்ரட்டரி சார், ட்ரெஷரர் மேடம், கமிட்டி மெம்பர்ஸ் எல்லாருக்கும் வணக்கம்.

ஈரக்குப்பையை நம்ம காம்பவுண்டுக்குள்ளயே கம்போஸ்ட் பண்ணலாம்னு போன மீட்டிங்ல பேச்சு வந்துச்சு, "சரி, பி பிளாக்ல ஒரு ட்ரையல் பாத்துடுவோம்"னு முடிச்சீங்க. எனக்கு அதுல சந்தோஷம்தான். ஆனா எவ்வளவு நாள், எதைப் பாத்து முடிவு பண்ணுவோம்னு மினிட்ஸ்ல ஒரு வரி கூட இல்ல, அதான் எழுதுறேன்.

நம்ம ட்ரையல் எல்லாம் எப்படிப் போகும்னு உங்களுக்கே தெரியும். கேட்ல விசிட்டர் ஆப் "சும்மா ட்ரையலுக்கு"ன்னு வந்துச்சு, யாரும் ஓகே சொல்லல, யாரும் நிறுத்தவும் இல்ல, இன்னைக்கும் மெயின்டனன்ஸ்ல காசு போயிட்டிருக்கு. அதுக்கு முன்னாடி மொட்டை மாடியில வெச்ச கம்போஸ்ட் டிரம் ரெண்டாவது வாரமே போச்சு, வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் புழு போட்டோ போட்டாரு, சாயங்காலம் டிரம் கீழ இறங்கிடுச்சு. ஒண்ணு முடியவே இல்ல, இன்னொண்ணு ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சுது. ரெண்டுலயுமே யாரு சத்தமா பேசுனாங்களோ அவங்க சொன்னதுதான் ரிசல்ட்.

ஸ்டாக்ஹோம் ஊர்ல சிட்டிக்குள்ள வர்ற வண்டிக்குக் கட்டணம் போட்டப்போ இத ஒழுங்கா பண்ணாங்க. 2006 ஜனவரி 3ல ஆரம்பம், ஜூலை 31ல முடிவு, அப்புறம் செப்டம்பர் 17ல மக்கள் ஓட்டு, எல்லாம் முன்னாடியே சொன்னது. கட்டணம் இருந்தப்போ எல்லையைத் தாண்டுற வண்டி சுமாரா 20 சதவீதம் குறைஞ்சுது, ஜூலையோட நிஜமாவே நிறுத்துனாங்க, வண்டியும் மறுபடி ஏறுச்சு. அந்த நிறுத்தத்தையும் ஜனங்க கண்ணால பாத்துட்டுதான் ஓட்டுப் போட்டாங்க. ஆரம்பத்துல எதிர்ப்புதான் ஜாஸ்தி, கடைசில சிட்டிக்குள்ள பாதிக்கு கொஞ்சம் மேல வேணும்னு சொன்னாங்க, 2007 ஆகஸ்ட்ல நிரந்தரமாச்சு.

சரி, நம்ம விஷயம். எவ்வளவு நாள்? ஒரு மாசம் போதும்னு மீட்டிங்ல யாரோ சொன்னாங்க. பத்தாது. பி பிளாக்ல 24 வீடு, வீட்டுக்கு அரை கிலோவுல இருந்து முக்கால் கிலோ ஈரக்குப்பை வெச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு 12ல இருந்து 18 கிலோ. காய்ஞ்ச இலையோட கலந்து போட்டா ஒரு கன மீட்டர் தொட்டி நிரம்ப சுமாரா நாலு வாரம், அது மக்கி எரு ஆக அதுக்கு மேல ஆறுல இருந்து எட்டு வாரம். அதாவது முதல் எருவைக் கையில எடுத்து சலிக்கவே 10ல இருந்து 12 வாரம் ஆகிடும். ஒரு மாசத்துல நிறுத்துனா குப்பை போடுற பாதியைத்தான் பாத்திருப்போம், சலிக்கிறது, மூட்டை கட்டுறது, அத யாரு வாங்கிக்குவாங்கங்கறது எதுவுமே தெரியாது. அதனால 12 வாரம். ஆகஸ்ட் 31ல ஆரம்பிச்சு நவம்பர் 22ல முடிக்கலாம். வேணும்னேதான் மழைக்குள்ள இழுக்குறேன், வெயில்ல மட்டும் வெச்சா எந்தத் தொட்டியும் பாஸ் ஆகிடும், ஐப்பசி மழைல என்ன ஆகுதுன்னுதான் நமக்குத் தெரியணும்.

அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம், ஆகஸ்ட் 17ல இருந்து, எதையும் மாத்தாம பி பிளாக்ல இருந்து லாரிக்குப் போற குப்பையைத் தினமும் எடை போடணும், பழைய பேப்பர் கடைத் தராசு மாதிரி ஒரு தொங்குற தராசு போதும். சி பிளாக்கையும் அதே மாதிரி கடைசி வரைக்கும் எடை போடணும், ஏன்னா லீவுக்குப் பாதி வீடு ஊருக்குப் போனா குப்பை தானா குறையும், அதை நம்ம சாதனைன்னு எழுதிடக் கூடாது.

இப்போ முக்கியமான இடம், தொடரணுமா நிறுத்தணுமாங்கற ரூல். நான் சொல்றது இது. கடைசி நாலு வாரக் கணக்கை மட்டும் எடுப்போம், முதல் ரெண்டு மூணு வாரம் எல்லாரும் ஆர்வத்துல ஒழுங்கா பிரிப்பாங்க, அது கணக்குல வரக் கூடாது. பி பிளாக் லாரிக் குப்பை, சி பிளாக்ல ஏறுனது இறங்குனதைக் கழிச்சுட்டு, பழைய எடைல பாதியாவது குறைஞ்சிருந்தா அந்தக் கணக்கு பாஸ். கால்வாசி கூடக் குறையலன்னா வாசனை இல்லாட்டியும் நிறுத்திடுவோம். நடுவுல மாட்டுனா ஒரே ஒரு தடவை நாலு வாரம் நீட்டலாம், அப்பவும் பாதியைத் தொடலன்னா நிறுத்துறதுதான், ரெண்டாவது நீட்டிப்பு கிடையாது.

வாசனைக்கு செக்யூரிட்டி கிட்ட ஒரு நோட்டு. ஒரே வீட்டுல இருந்து ஆறு தடவை எழுதுனா ஆறு கம்ப்ளைன்ட் இல்ல, அதே நாள்ல ரெண்டு வெவ்வேற வீடு எழுதுனாதான் அது வாசனை நாள். தொட்டிக்குப் பக்கத்துல இருக்குற தரைத்தள வீட்டுக்கு மட்டும் விலக்கு, அவங்க ஒருத்தர் எழுதுனாலே போதும், ஜன்னலைத் தொறந்தா அவங்களுக்குத்தானே வருது. கடைசி நாலு வாரத்துல அஞ்சு நாளுக்கு மேல போனா நிறுத்தம். ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு இந்த வேலை தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல இழுத்தாலும் நிறுத்தம், அந்த முக்கால் மணிக்கும் தனியா சம்பளம் குடுக்கணும், அது ட்ரையல் செலவுல முதல் நாளே வரணும்.

தேதிக்கு முன்னாடியே நிறுத்த ரெண்டே காரணம்தான் ஒத்துக்கணும்: தொட்டித் தண்ணி சம்ப் பக்கம் போறது, எலி வளை போடுறது. புழு காரணம் இல்ல. புழு வந்தா ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தம், காய்ஞ்ச இலையோ தேங்காய் நார்த்தூளோ போட்டுக் கிளறணும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சு பாருங்க, ரெண்டு சொட்டு வந்தா சரி, தண்ணி ஒழுகுனா அழுகல் வாடை வரப் போகுதுன்னு தெரிஞ்சுக்கலாம். ஒரு கம்பியை நடுவுல குத்தி கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தா பிடிக்க முடியாத சூடு இருக்கணும், நாலஞ்சு நாள் ஆகியும் சூடே ஏறலன்னா ஒண்ணு ரொம்பக் காய்ஞ்சிருக்கு இல்ல குப்பை பத்தல. இதையெல்லாம் நடுவுல எத்தனை தடவை வேணா சரி பண்ணலாம், நோட்டுல எழுதிட்டுப் பண்ணுங்க. ரூலை மட்டும் நடுவுல தொடக் கூடாது.

இன்னொண்ணு, தொட்டியை சிமென்ட்ல கட்டாதீங்க ப்ளீஸ். மெஷின் வாங்கலாம்னு வந்த கொட்டேஷனையும் நவம்பர் வரைக்கும் ஓரமா வைங்க. லட்ச ரூபாய் செலவு பண்ணிட்டா அப்புறம் எந்த எண்ணு வந்தாலும் "இவ்வளவு போட்டாச்சே"ன்னு தொடரத்தான் சொல்வோம். கம்பி வலையைச் சுருட்டி நிக்க வெச்சு மூணு தொட்டி, மேல ஒரு ஷீட், கீழ செங்கல் அடுக்கு, போதும். பிரிச்சு எடுத்து இடத்தைக் கழுவுற கூலியையும் பட்ஜெட்ல இப்பவே எழுதுங்க.

எடை போடுற ஆள் நானோ, என்னை மாதிரி இதுக்கு ஆசைப்படுறவங்களோ இருக்க வேணாம். மீட்டிங்ல இதெல்லாம் நடக்காதுன்னு சொன்ன ஏ பிளாக் அங்கிள் கிட்ட நோட்டைக் குடுங்க, அவர் எழுதுன எண்ணை ரெண்டு பக்கமும் நம்புவாங்க.

அடுத்த மீட்டிங்ல இந்த ஒரு பக்கத்தைப் படிச்சு, எண்ணுல எது ஒத்துவரலையோ அன்னைக்கே மாத்தி, கமிட்டியும் பி பிளாக் வீடுகளும் கையெழுத்துப் போட்டு லிஃப்ட் பக்கத்து போர்டுல ஒட்டிடுங்க. பி பிளாக்ல பாதி வீடாவது கையெழுத்துப் போடலன்னா ஆரம்பிக்கவே வேணாம், சீட்டுக் குலுக்கி வேற பிளாக் எடுப்போம். நவம்பர் 22 ராத்திரியோட புதுசா குப்பை போடுறது நிக்கும், எண்ணு நல்லா இருந்தாலும் நிக்கும், அடுத்த ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல நோட்டைத் தொறந்து பாத்துட்டு மேற்கொண்டு பேசலாம்.

இப்படிக்கு,
பி பிளாக் குடித்தனக்காரன்